கறுப்பு எங்கிருந்து வருகிறது?

38 வயதுப் பெண் ஒருவர். ஆறேழு மாதமாக உடம்பில் தெம்பில்லை. எட்டு கிலோ இளைத்திருக்கிறார். காலையில் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. சோறு இறங்கவில்லை, ஆனால் ஊறுகாய் ஜாடியை மட்டும் விடுவதில்லை. வீட்டுக்கு வந்த அத்தை, "என்னடி இப்படிக் கறுத்துப் போயிட்டே? வெயில்ல ரொம்ப அலையிறியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவரோ பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியே போகாதவர்.

மருத்துவப் பாடநூல்களில் திரும்பத் திரும்ப வரும் மாதிரி நோயாளி இவர். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் முதலில் பார்ப்பது முகத்தையல்ல. கையை விரிக்கச் சொல்லி உள்ளங்கை ரேகைகளைப் பார்ப்பார். பிறகு விரல் முட்டிகள், முழங்கை, நோய் தொடங்கிய பின் ஏற்பட்ட காயத் தழும்புகள். கடைசியாக வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, ஈறுகளையும் கன்னத்தின் உட்புறத்தையும் பார்ப்பார். வெயில் வாய்க்குள் படுவதில்லை. அங்கே புதிதாகக் கருநீலத் திட்டுகள் இருந்தால் வெயிலின் மேல் பழி போட முடியாது.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. மாநிறத்தவர்க்கும் கறுத்த நிறத்தவர்க்கும் ஈறில் திட்டுகள் இருப்பதும், உள்ளங்கை ரேகை பழுப்பாக இருப்பதும் இயல்புதான். லண்டனில் எழுதப்பட்ட பாடநூலின் வண்ணப்படத்தை வைத்துக்கொண்டு இங்கே நோயைத் தீர்மானிக்க முடியாது. எனவே அனுபவப்பட்ட மருத்துவர் "கறுப்பாக இருக்கிறதா" என்று பார்ப்பதில்லை; "கறுத்திருக்கிறதா" என்று கேட்பார். ஆதார் அட்டையில் உள்ள பழைய படத்தை எடுத்து முகத்தோடு ஒப்பிடுவார். கூடப் பிறந்தவர்கள் யாராவது உடன் வந்திருந்தால் அவர்கள் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

இந்தப் பெண்ணின் ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறது, பொட்டாசியம் ஏறியிருக்கிறது. காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம்தான். அந்த நேரத்தில் பத்துக்கு மேல் இருந்தால் யாரும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள். மூன்றுக்குக் கீழ் போனால் அட்ரீனல் சுரப்பி கைவிட்டுவிட்டது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். அதே ரத்தத்தில் ஏசிடிஎச் என்ற ஹார்மோன் மில்லிலிட்டருக்கு 900 பிக்கோகிராம். இயல்பான உச்சம் ஏறக்குறைய 60. நோயின் பெயர் அடிசன் நோய். ஆனால் கார்ட்டிசால் குறைந்ததால் தோல் கறுக்கவில்லை. கறுக்கவைத்தது அந்த 900.

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் இந்தச் சுரப்பிகளுக்கும் தோலின் நிறத்துக்கும் தொடர்பு இருப்பதாக முதலில் எழுதியவர் லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன். 1855-இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் 11 நோயாளிகளின் கதை இருக்கிறது. சோர்வு, இளைப்பு, பலவீனமான நாடி, புகை படிந்தாற்போன்ற தோல். இறந்த பின் உடலை அறுத்துப் பார்த்தால் அட்ரீனல்கள் கெட்டுப்போயிருந்தன, பலருக்குக் காசநோயால். அன்று அந்தச் சுரப்பிகள் எதற்காக இருக்கின்றன என்பதே யாருக்கும் தெரியாது. எனவே அட்ரீனல் பழுதாவதற்கும் தோல் கறுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வியை அடிசன் திறந்து வைத்துவிட்டுப் போனார். அது மூட நூறாண்டுக்கு மேல் ஆனது.

முதல் துப்பு தவளைக் குஞ்சிலிருந்து வந்தது. 1916-இல் அமெரிக்காவில் ஃபிலிப் ஸ்மித்தும், தனியாக பென்னட் ஆலனும், தலைப்பிரட்டைகளின் பிட்யூட்டரி சுரப்பியை மிகச் சிறிய வயதிலேயே வெட்டி எடுத்தார்கள். கறுப்பாக இருக்கவேண்டிய தலைப்பிரட்டைகள் வெள்ளிபோல் வெளிறிப்போயின. மூளைக்கு அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரியில் நிறத்தை ஆளும் ஏதோ ஒன்று இருப்பது அப்போது தெரிந்தது. அது என்ன பொருள் என்று பிரித்தெடுத்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஏரன் லெர்னர். பன்றிகளின் பிட்யூட்டரிகளை அரைத்து, வடித்து, ஒவ்வொரு வடிகட்டலையும் தவளைத் தோலில் விட்டுப் பார்த்தது அவர் குழு. எந்தத் துளி தோலைக் கறுக்கவைக்கிறதோ அதை மேலும் தூய்மைப்படுத்துவது. இப்படிக் கிடைத்ததே ஆல்பா-எம்எஸ்எச். வெறும் 13 அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலி. 1961-இல் லெர்னரும் மெக்கையரும் இந்தப் பொருளை மனிதர்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் ஊசி போட்டுக்கொண்டவர்களும் கறுத்தார்கள்.

இதற்கிடையில் அட்ரீனலுக்குக் கட்டளையிடும் ஏசிடிஎச்சின் வரிசையும் படிக்கப்பட்டிருந்தது. அது 39 அமினோ அமிலங்கள் நீளம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் கதை சூடு பிடித்தது. செரின், டைரோசின், செரின், மெத்தியோனின் என்று தொடங்கி வேலினில் முடியும் அந்த 13-உம், ஏசிடிஎச்சின் முதல் 13-உம் ஒன்றே. ஒரு எழுத்துகூட மாறவில்லை. நிற ஹார்மோனின் இரு முனைகளிலும் சின்னச் சின்ன வேதிப் பூச்சு இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தற்செயலாக 13 எழுத்துகள் வரிசை தப்பாமல் ஒத்துப்போவது நடக்கிற காரியமல்ல. ஆனால் ஒன்று இன்னொன்றிலிருந்து பிறக்கிறதா, இரண்டும் வேறெதிலிருந்தோ பிறக்கின்றனவா என்று அப்போது சொல்ல முடியவில்லை.

விடைக்கான அடுத்த துண்டு ஒட்டகத்திடம் இருந்தது. கலிஃபோர்னியாவின் சோ ஹாவ் லீ பிட்யூட்டரி ஹார்மோன்களிலேயே வாழ்நாளைக் கழித்தவர். 1960-களில் செம்மறி ஆட்டுப் பிட்யூட்டரியிலிருந்து 91 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா-லிப்போட்ரோபின் என்ற ஒன்றைப் பிரித்திருந்தார். அதற்கு என்ன வேலை என்று அவருக்கே பிடிபடவில்லை. அதே பொருளை ஒட்டகப் பிட்யூட்டரியிலும் தேடினார். கிடைத்ததோ அதன் கடைசி 31 அமினோ அமிலங்கள் மட்டும். சோதித்துப் பார்த்தால் அது மார்ஃபினைப் போல் வலியை அடக்கியது. 1976-இல் அறிவிக்கப்பட்ட அந்தத் துண்டுதான் பீட்டா-எண்டார்ஃபின்.

மறு ஆண்டே முடிச்சு அவிழ்ந்தது. ரிச்சர்ட் மெய்ன்ஸ், பெட்டி ஐப்பர் தம்பதி எலியின் பிட்யூட்டரிக் கட்டியிலிருந்து வளர்த்த செல்களுக்குக் கதிரியக்க அடையாளமிட்ட அமினோ அமிலங்களை ஊட்டினார்கள். செல் புதிதாகச் செய்யும் புரதங்கள் எல்லாம் அந்த அடையாளத்தோடு பிறக்கும். பிறகு ஏசிடிஎச்சைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தைப் போட்டு அலசினார்கள். 31,000 மூலக்கூறு எடையுள்ள ஒரு பெரிய புரதம் சிக்கியது. ஏசிடிஎச்சின் எடை 4,500-தான். எண்டார்ஃபினைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தைப் போட்டார்கள். அதே 31,000 சிக்கியது. அட்ரீனலுக்குக் கட்டளை, வலிக்கு மருந்து, இரண்டும் ஒரே புரதத்தின் உடம்புக்குள் இருந்தன. 1979-இல் கியோட்டோவில் நாகனிஷி, நூமா குழுவினர் மாட்டின் பிட்யூட்டரியிலிருந்து இந்தப் புரதத்துக்கான மரபுச் செய்தியை முழுதாகப் படித்து வெளியிட்டார்கள். அதில் நிற ஹார்மோனின் சாயல் ஓரிடத்தில் அல்ல, மூன்று இடங்களில் தெரிந்தது. மூன்றாவது இடத்தில் இருந்தது அதுவரை யாரும் கேள்விப்படாத ஒன்று.

இந்தப் பெரிய புரதத்தின் முழுப்பெயர் புரோ-ஓபியோ-மெலனோ-கார்ட்டின். சுருக்கமாக பிஓஎம்சி. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பதைப் போல, செல் இதைத் தேவைக்கேற்ற இடங்களில் வெட்டிக் கொடுக்கிறது. லைசினும் அர்ஜினினும் ஜோடியாக வரும் இடங்களே வெட்டுக் கோடுகள். ஆனால் எல்லாச் செல்லும் எல்லாக் கோட்டிலும் வெட்டுவதில்லை. பிட்யூட்டரியின் முன்பகுதியில் இருக்கும் செல்களிடம் உள்ள பிசி-1 என்ற நொதி பிஓஎம்சியை ஏசிடிஎச், பீட்டா-லிப்போட்ரோபின் என்று பெரிய துண்டுகளாக வெட்டிவிட்டு நின்றுவிடும். எலி, தவளை, மாடு போன்றவற்றின் பிட்யூட்டரியில் நடுப்பகுதி ஒன்று தனியாக உண்டு. அங்குள்ள செல்களிடம் பிசி-2 என்ற இன்னொரு நொதியும் இருக்கிறது. அது ஏசிடிஎச்சையும் விடாமல் நடுவில் வெட்டி, முன்பாதியிலிருந்து ஆல்பா-எம்எஸ்எச்சைச் செய்கிறது.

இங்கேதான் பல பாடநூல்கள் சற்று அவசரப்பட்டுவிடுகின்றன. "அடிசன் நோயில் பிஓஎம்சி கூடுகிறது, அதனால் ஏசிடிஎச்சோடு எம்எஸ்எச்சும் கூடுகிறது, அதனால் தோல் கறுக்கிறது" என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் வளர்ந்த மனிதனின் பிட்யூட்டரியில் அந்த நடுப்பகுதி கிட்டத்தட்ட இல்லை. கருவில் இருந்து, பிறகு தேய்ந்துபோய்விடுகிறது. முன்பகுதிச் செல்களோ ஏசிடிஎச்சைத் தாண்டி வெட்டுவதில்லை. ஆகவே மனித ரத்தத்தில் பிட்யூட்டரி கொட்டும் ஆல்பா-எம்எஸ்எச் மிகக் குறைவு.

இதில் ஒரு பழைய குழப்பமும் உண்டு. 1960-களில் மனித ரத்தத்தில் பீட்டா-எம்எஸ்எச் என்ற நிற ஹார்மோன் இருப்பதாகவும், அடிசன் நோயாளிகளில் அது எகிறுவதாகவும் அளந்து சொன்னார்கள். 1974-இல் லண்டனில் ஸ்காட்டும் லோரியும் அதைத் துருவிப் பார்த்தார்கள். மனித பிட்யூட்டரியைச் சோதனைச்சாலையில் கரைத்துப் பிரித்தெடுக்கும்போது பெரிய துண்டு உடைந்து உருவாவதே அந்தப் பீட்டா-எம்எஸ்எச் என்று தெரியவந்தது. அளந்தவர்கள் பொய் சொல்லவில்லை. பெரிய துண்டுக்குள் சின்னத் துண்டின் எழுத்துகள் இருப்பதால், சின்னதைத் தேடிய எதிர்ப்புரதம் பெரியதையும் பிடித்துக்கொண்டது.

அப்படியானால் கறுக்கவைப்பது யார்? பெரும்பாலும் ஏசிடிஎச் தானே நேரில்.

தோலில் நிறமி செய்யும் மெலனோசைட் செல்களின் மேல் எம்சி1ஆர் என்ற ஏற்பி இருக்கிறது. ஆல்பா-எம்எஸ்எச் வந்து அதில் பொருந்தியதும் செல்லுக்குள் சமிக்ஞை எழுந்து, டைரோசினேஸ் என்ற நொதி கூடி, கரும்பழுப்பு மெலனின் உற்பத்தி வேகமெடுக்கிறது. அந்த ஏற்பி எதைப் பிடித்து அடையாளம் காண்கிறது? ஹிஸ்டிடின், ஃபினைல்அலனின், அர்ஜினின், டிரிப்டோஃபேன் என்ற நான்கெழுத்தை. ஆல்பா-எம்எஸ்எச்சில் அது ஆறாம் இடத்திலிருந்து ஒன்பதாம் இடம் வரை. ஏசிடிஎச்சிலும் அதே ஆறிலிருந்து ஒன்பது வரை. எலியின் எம்சி1ஆர் ஏசிடிஎச்சை அவ்வளவாக மதிப்பதில்லை. மனிதனுடையதோ இரண்டையும் ஏறக்குறைய சமமாக ஏற்கிறது. இயல்பான நாளில் ரத்தத்தில் உள்ள சொற்ப ஏசிடிஎச் தோலை அசைக்கப் போதாது. அது பத்து, இருபது மடங்காகி, மாதக்கணக்கில் அப்படியே நின்றால் மெலனோசைட்டுக்கு ஓய்வே கிடைக்காது.

அட்ரீனலின் ஏற்பியான எம்சி2ஆர் அப்படித் தாராளமானதல்ல. அந்த நான்கெழுத்து மட்டும் அதற்குப் போதாது. 15 முதல் 18 வரை உள்ள லைசின், லைசின், அர்ஜினின், அர்ஜினின் என்ற இன்னொரு நான்கெழுத்தும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். பிசி-2 வெட்டுவது சரியாக இந்த இடத்தில்தான். அந்த வெட்டு விழுந்ததும் அட்ரீனலோடு பேசும் திறன் அழிந்து, தோலோடு பேசும் திறன் மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் ஆல்பா-எம்எஸ்எச்சால் கார்ட்டிசாலைச் சுரக்க வைக்க முடியாது. ஏசிடிஎச்சால் மட்டும் இரண்டு வேலையும் முடியும். 18-க்கு அப்பால் உள்ள வாலோ வேலைக்கு அத்தனை அவசியமில்லை. மருத்துவமனைகளில் அட்ரீனலைச் சோதிக்கப் போடும் சினாக்தென் ஊசியில் இருப்பது முதல் 24 அமினோ அமிலங்கள் மட்டுமே.

நம் நோயாளிக்கும் அந்த ஊசியைத்தான் போடுவார்கள், 250 மைக்ரோகிராம். அரை மணி, ஒரு மணி கழித்து ரத்தம் எடுப்பார்கள். நல்ல அட்ரீனலாக இருந்தால் கார்ட்டிசால் 18-ஐத் தாண்டும். இவருக்கு இரண்டு, இரண்டரையிலேயே நிற்கிறது. அதில் ஆச்சரியமில்லை. அவருடைய சொந்த ஏசிடிஎச் 900-ஐத் தொட்டுக் கத்திக்கொண்டிருந்தபோதே எழாத சுரப்பி, ஊசிக்கு மட்டும் எழுந்துவிடாது.

ஏன் அந்த 900? கார்ட்டிசால்தான் பிட்யூட்டரிக்குக் கடிவாளம். ரத்தத்தில் அது போதிய அளவு இருக்கும்வரை பிஓஎம்சி மரபணு அடங்கியே இருக்கும். அட்ரீனல் அழிந்து கார்ட்டிசால் வற்றினால் கடிவாளம் அறுந்துபோகிறது. பிஓஎம்சி செய்யும் வேகமும் அதை வெட்டி வெளியே அனுப்பும் வேகமும் ஏறுகின்றன. அட்ரீனலை அழித்தது எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. மேலைநாடுகளில் பெரும்பாலும் உடலின் எதிர்ப்புச் சக்தியே சொந்தச் சுரப்பியைத் தின்றுவிடுகிறது. இந்தியாவில் காசநோயும் முக்கியமான காரணம், அதனால் அட்ரீனலை ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

பழுது அட்ரீனலில் இல்லாமல் பிட்யூட்டரியிலேயே இருந்தால் படம் தலைகீழாகும். பிரசவத்தில் ரத்தம் பெருவாரியாகப் போய் பிட்யூட்டரி செத்துப்போன பெண்களுக்கும் கார்ட்டிசால் இருக்காது. ஆனால் ஏசிடிஎச்சும் இருக்காது. அவர்கள் கறுப்பதற்குப் பதில் வெளிறிப்போகிறார்கள். மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு, திடீரென்று நிறுத்தி மயங்கி விழுபவர்களும் இதே வகை. மாத்திரை அவர்களுடைய பிட்யூட்டரியை உறங்க வைத்திருந்தது. அவர்கள் தோலில் எந்தக் கறுப்பும் தேடிக் கிடைக்காது. இது தெரியாமல், "கறுக்கவில்லையே, அட்ரீனல் கோளாறாக இருக்காது" என்று ஒதுக்கினால் உயிருக்கே ஆபத்து.

கறுப்பை நம்புவதில் இன்னொரு இக்கட்டும் உண்டு. எதிர்ப்புச் சக்தியால் அட்ரீனலை இழந்தவர்களில் சிலருக்கு வெண்புள்ளியும் சேர்ந்தே வருகிறது. கறுத்த தோலின் நடுவே பால்வெள்ளைத் திட்டு. ஏசிடிஎச் எவ்வளவு ஏறினாலும் அந்தத் திட்டுக்குள் நிறம் ஏறாது, கட்டளையைக் கேட்க அங்கே மெலனோசைட்டே உயிரோடு இல்லை.

சிகிச்சை எளிது, ஆனால் ஆயுள் முழுவதும். ஹைட்ரோகார்ட்டிசோன் நாளுக்கு 15 முதல் 25 மில்லிகிராம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து; உப்பைக் காக்க ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் சிறு அளவில். கடிவாளம் திரும்பக் கிடைத்ததும் ஏசிடிஎச் இறங்குகிறது. சோர்வு சில நாட்களில் போய்விடும். நிறம் அப்படிச் சட்டென்று மாறாது. ஏற்கெனவே தோலில் ஏறிவிட்ட மெலனின் உதிர வாரங்களும் மாதங்களும் வேண்டும், சில தழும்புகள் கறுத்தே நின்றுவிடும். மாதங்கள் கழித்தும் மேலும் மேலும் கறுத்தால், மருந்தளவு போதவில்லை அல்லது வேளை தவறுகிறது என்று மருத்துவர் சந்தேகப்படுவார். அதற்காக ஏசிடிஎச் எண்ணை முழுக்க இயல்புக்குக் கொண்டுவர மருந்தைக் கூட்டிக்கொண்டே போகவும் கூடாது. அதிகாலையில், முதல் மாத்திரைக்கு முன், நன்றாகச் சிகிச்சை பெறுபவருக்கும் அது உயர்ந்தே இருக்கும். அந்த எண்ணைத் துரத்தினால் மிஞ்சுவது எலும்புத் தேய்வும் சர்க்கரையும்தான்.

இவ்வளவும் பிஓஎம்சி அளவுக்கு மீறினால் நடப்பது. அது அறவே இல்லாவிட்டால்? 1998-இல் பெர்லினில் ஹைகோ க்ரூடே குழுவினர் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். இருவருக்கும் பிஓஎம்சி மரபணுவிலேயே பழுது. ஏசிடிஎச் இல்லாததால் அட்ரீனல் வேலை செய்யவில்லை. தோல் வெளிறி, தலைமுடி செம்பட்டையாக இருந்தது. கூடவே, எவ்வளவு தின்றாலும் பசி அடங்காமல் உடல் பருத்துக்கொண்டே போனது. மூளையின் ஹைப்போதலாமஸில் பிசி-2 நொதி உண்டு. அங்கே வெட்டப்படும் ஆல்பா-எம்எஸ்எச்தான் எம்சி4ஆர் என்ற வேறொரு ஏற்பியில் உட்கார்ந்து "போதும்" என்று சொல்கிறது. அந்தக் குரல் இவர்களுக்கு இல்லை. எல்லாருக்கும் முடி செம்பட்டையாவதில்லை என்பது பின்னர் தெரிந்தது; கறுத்த முடியுள்ள குலங்களில் பிறந்த குழந்தைகளுக்கு இதே பழுது இருந்தும் முடி கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தது.

2016-இல் பெர்லின் மருத்துவர்கள் இந்தப் பழுதுள்ள இருவருக்கு செட்மெலனோடைட் என்ற ஊசி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். எம்சி4ஆரைத் தட்டி எழுப்பிப் பசியை அடக்க வடிவமைக்கப்பட்டது அது. பசி அடங்கியது, எடை மளமளவென்று இறங்கியது. நான்கெழுத்துச் சாயல் இந்த மருந்துக்குள்ளும் இருப்பதால் தோலின் எம்சி1ஆரும் சும்மா இருக்கவில்லை. 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்தின் குறிப்பேட்டில், அடிக்கடி வரும் பக்கவிளைவுகளில் ஒன்றாகத் தோல் கறுத்தல் பதிவாகியிருக்கிறது. ஊசியை நிறுத்தினால் நிறம் மெல்லத் திரும்பிவிடும்.